முதல் பதிப்பை எழுதியவர்

என் தங்கை கணினி நிரல் எழுதுபவள். அதிலும் கண்ணுக்குத் தெரியாத பகுதியை எழுதுபவள். கைபேசியில் நாம் ஒரு பொத்தானை அழுத்துகிறோம்; அந்தக் கோரிக்கை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், ஒரு பதிலோடு திரும்புகிறது. எப்படிக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன பதில் வரும் என்பதற்கு இரு தரப்புக்கும் நடுவே ஓர் உடன்பாடு வேண்டும். அந்த உடன்பாட்டை வகுப்பதுதான் அவள் தொழில். உறவினர்கள் கேட்டால், "கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கற வேலை" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அவள் மகளுக்கு மட்டும் அந்தத் தொழிலின் பாஷை கொஞ்சம் தொற்றியிருந்தது. தாய் ஏதோ யோசனையில் பதில் சொல்லாமல் இருந்தால், "மாமா, அம்மா நானூற்று நாலு" என்று என்னிடம் முறையிடுவாள். தேடியது கிடைக்கவில்லை என்று சர்வர் சொல்லும் எண் அது.

தங்கை முதலில் சேர்ந்த நிறுவனம் சிறுநீரக சுத்திகரிப்பு மையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. நோயாளிகளுக்கு வாரத்தில் சில நாட்கள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். யாருக்கு எந்த நேரம், யாரை வீட்டிலிருந்து வண்டி ஏற்றி வர வேண்டும் என்பதையெல்லாம் அந்த மென்பொருள் வைத்திருந்தது. அதன் முதல் பதிப்பு முழுவதையும் ஒரே ஆள் எழுதியிருந்தார். எந்த அவசரத்திலும் "நிதானமா பாப்போம்" என்பது அவர் வழக்கமாதலால், அலுவலகத்தில் அவருக்கு நிதானம் என்றே பெயர். இரண்டாம் பதிப்பை வடிவமைக்க ஆள் எடுத்தபோது தங்கை அங்கே போனாள். அடுத்த வருடமே அவரை மணந்துகொண்டாள். "ரெண்டாவது பதிப்பு எழுத வந்தவங்க முதல் பதிப்பையே கட்டிக்கிட்டாங்க" என்று திருமண வரவேற்பில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் காது சிவக்கச் சிரித்தார்.

அந்த முதல் பதிப்பில் ஒரு பிழை இருந்தது. தங்கை எனக்கு விளக்கிய விதத்திலேயே அதை எழுதுகிறேன்.

நீண்ட பட்டியலை சர்வர் ஒரே மூச்சில் தருவதில்லை. பக்கம் பக்கமாகத் தரும். மாப்பிள்ளையின் பதிப்பில் ஒரு பக்கத்துக்கு இருபது பேர். வண்டி ஓட்டுநரின் கையிலிருந்த பலகைக் கணினி முதல் பக்கத்தைக் கேட்கும். பிறகு "முதல் இருபதை விட்டுவிட்டு அடுத்த இருபதைக் கொடு" என்று கேட்கும். யாரும் பட்டியலைத் தொடாதவரை இதில் குறையில்லை. ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில், முதல் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் தன் முறையை ரத்து செய்துவிட்டால்? எல்லோரும் ஓர் இடம் மேலே நகர்வார்கள். இருபத்தோராவது ஆள் இருபதாவது ஆளாகிவிடுவார். ஓட்டுநரோ முதல் இருபதை ஏற்கெனவே வாங்கிவிட்டார். இப்போது இருபதை விட்டுவிட்டுத்தான் கேட்கிறார். அந்த ஒருவர் எந்தப் பக்கத்திலும் தட்டுப்படாமல் நழுவிப்போவார். பிழைச் செய்தி வராது. சர்வர் இரண்டு முறையும் இருநூறு என்றுதான் சொல்லும். இருநூறு என்றால் எல்லாம் சரி.

அப்படி ஒரு காலையில் ஓய்வுபெற்ற தையற்காரர் ஒருவருக்கு வண்டி வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அவர் தொலைபேசி எடுத்துக் கேட்கும் ஆளில்லை. தாமதமாக வருவார்கள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். யாரும் புகார் எழுதவில்லை, யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்ததே மாப்பிள்ளைதான். கண்டுபிடித்த அன்று ஒரு பை பழம் வாங்கிக்கொண்டு அந்தத் தையற்காரரைப் பார்க்கப் போனார். தான் யார் என்று சொன்னாராம். அந்தப் பெரியவர், "நீங்க வண்டி ஓட்டறவரா?" என்று கேட்டாராம். இல்லை என்று விளக்க முயன்று, முடியாமல், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சில வருடங்கள் கழித்து மாப்பிள்ளை இதய நோயால் இறந்தார். அந்தச் சம்பவத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் அவர் போன பிறகும் அவர் பெயர் அலுவலகத்தில் தங்கிவிட்டது. பட்டியலில் ஆள் நழுவிப்போகும் அந்தப் பிழைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. சுருக்கமாகச் சொல்ல ஒரு வார்த்தை தேவைப்பட்டது, அவ்வளவுதான். கூட்டத்தில் யாராவது வரைபடத்தைக் காட்டி, "இங்க ஒரு நிதானம் இருக்கு பாருங்க" என்பார்கள். "ஐயோ, இது முழுக்க நிதானம்" என்று சிரிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பதே தெரியாது. எதிர் நாற்காலியில் என் தங்கை அமர்ந்திருப்பாள்.

"நீ சொல்லக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்னன்னு சொல்ல? அது என் புருஷன் பேரு, வேற பேர் வைங்கன்னா? பாவம், அந்தப் பசங்க முகம் செத்துப் போயிடும்ணா."

பிறகு அந்த நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிற்று. வாங்கியவர்கள் குழுவைக் கலைத்தார்கள். வீட்டுக்கு வரும் சம்பளம் அவளுடையது ஒன்றுதான். மகள் கல்லூரிக்குள் நுழையும் வருடம். தங்கை விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினாள். பல இடங்களில் பதிலே இல்லை. பதில் வந்த இடங்களில் முதல் தொலைபேசி உரையாடலோடு நின்றுபோனது. கடைசியாக ஒரே ஓர் இடத்தில், மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில், பேக்எண்ட் சுற்று வரைக்கும் வந்தாள். சர்வர் பக்கத்து வேலை தெரியுமா என்று நேரில் உட்காரவைத்துச் சோதிக்கும் சுற்று அது. அதைத் தாண்டினால் வேலை உறுதி என்று ஆட்சேர்ப்புப் பெண் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

அன்று காலை மகள், "அம்மா, யோசிக்கறேன்னு நானூற்று நாலு ஆயிடாதே. 'ஒரு நிமிஷம் யோசிக்கறேன்'னு வாயால சொல்லிட்டு யோசி" என்று புத்திமதி சொல்லி அனுப்பினாள்.

கண்ணாடிச் சுவர் கொண்ட சிறிய அறை, வெள்ளைப் பலகை, முனை காய்ந்த இரண்டு பேனாக்கள், எழுதும் ஒன்று. சுற்றை நடத்தியவர் ஏறக்குறைய அவள் வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். தண்ணீர் குப்பியைத் தானே திறந்து வைத்தார். கண் மருத்துவமனை ஒன்றுக்கு முன்பதிவுச் சேவையை வடிவமைக்கச் சொன்னார்.

தங்கை எழுந்து எழுதத் தொடங்கினாள். புதிய முன்பதிவு உருவானால் இருநூற்று ஒன்று, கூடவே அந்தப் பதிவின் முகவரி. கேட்ட நேரத்தை வேறொருவர் எடுத்துவிட்டிருந்தால் நானூற்று ஒன்பது. கோரிக்கையே அலங்கோலமாக வந்தால் நானூறு.

"எல்லாத்துக்கும் இருநூறு குடுத்துட்டு, உள்ள 'பிழை'ன்னு எழுதி அனுப்பினா என்ன?" என்று கேட்டார் அவர்.

"வாய் சிரிக்கும், கையில கத்தி இருக்கும். நடுவுல இருக்கற எந்த இயந்திரமும் உள்ள இருக்கறதைப் படிக்காது சார். எண்ணைத்தான் பாக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "சரி. ரத்து செய்யற கோரிக்கை ரெண்டு தடவை வந்தா?"

"முதல் தடவை, ரத்தாயிடுச்சுன்னு இருநூற்று நாலு. ரெண்டாவது தடவை, அப்படி ஒண்ணு இல்லைன்னு நானூற்று நாலு குடுக்கலாம்."

"பதில் மாறுதே. அப்ப அது ஐடெம்பொட்டன்ட் இல்லையே?"

ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் விளைவு ஒருமுறை செய்ததைப்போலவே இருக்கும் தன்மைக்கு அந்தத் துறையினர் வைத்திருக்கும் பெயர் அது.

"பூட்டின கதவை மறுபடி பூட்டப் போனா, 'ஏற்கெனவே பூட்டியாச்சு'ன்னு சொல்லுவாங்க. சொல்ற வார்த்தை வேற. கதவு அதே நிலையிலதானே இருக்கு? சர்வரோட நிலை மாறலைன்னா போதும்."

"புதுசா பதிவு பண்றதுக்கு அந்தக் குணம் கிடையாதே. நோயாளி பொத்தானை அழுத்தறார், பதிவாயிடுச்சு, பதில் வர்றதுக்குள்ள இணைப்பு போயிடுச்சு. மறுபடி அழுத்தறார்."

"அழுத்தறதுக்கு முன்னாடியே அவர் கைபேசி ஒரு தனிச்சாவியை உருவாக்கி, கோரிக்கையோட அனுப்பணும். சர்வர் அந்தச் சாவியையும், அதுக்குக் குடுத்த பதிலையும் சேர்த்து வெச்சுக்கணும். அதே சாவி மறுபடி வந்தா புதுசா பதிவு போடக்கூடாது. பழைய பதிலையே எடுத்துக் குடுக்கணும்."

"முதல் கோரிக்கை இன்னும் முடியலை, அதுக்குள்ள ரெண்டாவது வந்துடுச்சு?"

"நானூற்று ஒன்பது."

"அதே சாவி, ஆனா உள்ள வேற தேதி?"

"அதுக்கும் நானூற்று ஒன்பது" என்றாள் தங்கை. அவர் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

பிறகு பட்டியலுக்கு வந்தார். அன்றைய முன்பதிவுகளை வரவேற்பு மேசைக்கு எப்படிப் பக்கம் பக்கமாகக் கொடுப்பது என்று கேட்டார். எத்தனை பேரை விடுவது என்று எண்ணாமல், கடைசியாகப் பார்த்தவர் யாரோ அவருக்குப் பின்னால் உள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்றாள் தங்கை. நேரத்தையும் பதிவு எண்ணையும் சேர்த்து ஓர் அடையாளக்குறியாக்கி ஒவ்வொரு பக்கத்தோடும் கொடுத்துவிட்டால், இடையில் யார் விலகினாலும் அடுத்த ஆள் நழுவ மாட்டார்.

"நல்லாருக்கு. ஆனா நிறைய பேர் எண்ணித்தான் தள்ளறாங்க. அதனால நிஜமாவே பாதிப்பு வந்து பாத்திருக்கீங்களா?"

அந்தத் தையற்காரரைப் பற்றிச் சொன்னாள். நாற்காலி, வண்டி, மறுநாள் மருத்துவமனை எல்லாம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ச்ச. யாருங்க அந்த முதல் பதிப்பை எழுதினது?"

அதை அவர் தீர்ப்புச் சொல்லும் குரலில் கேட்கவில்லை; கதை கேட்பவர் இயல்பாகக் கேட்கும் கேள்விதான். தங்கைக்கோ எதிரில் பல வருடக் கூட்டங்கள் சிரித்தன. சொன்னால் இந்த அறையிலும் மாப்பிள்ளை ஒரு பிழையாகத்தான் நுழைவார் என்று தோன்றியதாம்.

"நான்தான்" என்றாள்.

கேள்வி கேட்டவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தத் தவறை ஒளிக்காமல் சொல்கிறாள் என்ற மதிப்போடுதான் அடுத்ததைக் கேட்டார். ஏன் எண்ணித் தள்ளும் முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்? அன்றைக்கு என்ன நெருக்கடி? தங்கைக்கு அந்த நிரலின் ஒவ்வொரு வரியும் தெரியும். அது எழுதப்பட்ட நாட்களில் எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பது தெரியாது. கணவரிடம் அதைக் கேட்க அவளுக்கு வாய்க்கவேயில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அவர் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். தங்கை ஏதோ ஒரு காரணம் சொன்னாள். அது ஒட்டவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"அந்தப் பதிப்பை எப்படி மூடினீங்க?"

இதில் அவள் தடுமாறவில்லை. புதிய விவரத்தைச் சேர்ப்பதற்குப் புதுப் பதிப்பு வேண்டாம். இருப்பதை எடுத்தாலோ பொருளை மாற்றினாலோ வேண்டும். ஓட்டுநர்களின் பழைய பலகைகளைப் புதுப்பிக்க முடியாததால், இரண்டு பதிப்புகளும் தனித்தனி முகவரிகளில் நெடுநாள் ஓடின. ஓயப்போகும் தேதியைப் பழைய பதிப்பின் ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் அறிவித்தார்கள். கடைசியில் பழைய முகவரி நானூற்றுப் பத்து என்று பதில் சொன்னது. இங்கே இருந்தது, இனி வராது என்பது அதன் பொருள்.

அவர் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"நீங்க சேர்ந்ததே ரெண்டாவது பதிப்புக்குன்னு இதுல போட்டிருக்கே?"

யோசிக்கிறேன் என்று கூடத் தங்கை சொல்லவில்லை. பலகையில் தான் எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முன்னாடியும் கொஞ்சம்..." என்று தொடங்கி விட்டுவிட்டாள். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. லிப்ட் வரை கூடவே வந்து, "பாத்துப் போங்க" என்று வழியனுப்பினார்.

முடிவை ஆட்சேர்ப்புப் பெண் தொலைபேசியில் சொன்னபோது நானும் அந்த வீட்டில் இருந்தேன். தங்கை ஒலியைப் பெருக்கி வைத்திருந்தாள்.

"மேடம், வடிவமைப்புல உங்களுக்குத்தான் அதிக மதிப்பெண். நான் இதைச் சொல்லக்கூடாது, இருந்தாலும் மனசு கேக்கலை. மத்தவங்க வேலையைத் தன் வேலைன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கார். அது ஒண்ணுதான். உங்க பக்கம் ஏதாவது திருத்தம் இருந்தா, சாயங்காலத்துக்குள்ள ஒரு மின்னஞ்சல் போடுங்க. நான் அவர்கிட்ட எடுத்துட்டுப் போறேன்."

தொலைபேசியை வைத்ததும் நான் சொன்னேன்: "இதுக்கு மேல என்னம்மா வேணும்? கதவைத் திறந்து வெச்சிருக்காங்க. அது மாப்பிள்ளை எழுதினது, நீ வாய் தவறி சொல்லிட்டேன்னு ரெண்டு வரி போடு."

"வாய் தவறலைண்ணா."

"சரி, வேணும்னே சொன்னதாவே இருக்கட்டும். யாரோ ஒருத்தர். மாப்பிள்ளையை முன்னப்பின்ன பாத்தவர் கூட இல்ல. அவர்கிட்ட மாப்பிள்ளை பேரைக் காப்பாத்தி என்ன ஆகப்போகுது?"

"நல்ல மனுஷன்ணா அவர். நான் நிஜத்தை எழுதினா நம்புவார். வேலையும் குடுப்பார். அப்புறம் புதுசா ஒருத்தன் எண்ணித் தள்ளினான்னா, நல்ல மனசோடவே சொல்லுவார், நம்ம மேடம் வீட்டுக்காரர் ஒருத்தர் இப்படித்தான்னு."

"அப்படியே சொல்லட்டுமே. நடந்ததுதானே?"

"நடந்ததுதான்" என்றாள். "இல்லைன்னா சொன்னேன்? திரும்பத் திரும்ப நடக்க வேண்டாம்ங்கறேன்."

மகள் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலும். வெளியே வந்து தாயின் அருகில் அமர்ந்து, "கல்லூரிக்காக யோசிக்காதேம்மா. அரசுக் கல்லூரியில எனக்கு இடம் கிடைக்கும்" என்றாள். அது வரைக்கும் கலங்காத தங்கை அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அங்கே வேலையில்லை என்று தோன்றவே, எழுந்துபோய் சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

நான் கோப்பைகளோடு வந்தபோது தங்கை கணினியைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தாள். மனம் மாறிவிட்டது என்றே நினைத்தேன். எழுதி முடித்து, ஒருமுறை படித்து, அனுப்பினாள். மகள் திரையை எட்டிப் பார்த்து எனக்காக உரக்கப் படித்தாள்.

"'நேற்றைய சுற்றில் நான் கூறிய ஒரு விடையைத் திருத்த விரும்புகிறேன். ஒரே சாவியுடன் வந்த முந்தைய கோரிக்கை இன்னும் முடியாத நிலையில் நானூற்று ஒன்பது என்பது சரி. அதே சாவி வேறு உள்ளடக்கத்துடன் வந்தால், இதை ஏற்க முடியாது என்னும் நானூற்று இருபத்திரண்டே பொருத்தம். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், காத்திருந்து மீண்டும் அனுப்பலாமா கூடாதா என்று அனுப்பியவருக்குத் தெரியாமல் போகும். தங்கள் நேரத்துக்கு நன்றி.'"

மகள் தாயைப் பார்த்தாள். "இதுவாம்மா திருத்தம்?"

"நான் அங்க தெரியாம தப்பா சொன்னது இது ஒண்ணுதான்" என்றாள் தங்கை.

மறுநாள் ஆட்சேர்ப்புப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது: குறிப்பு உரியவரிடம் சேர்க்கப்பட்டது, நன்றி. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். தங்கை இப்போது ஒரு சிறிய அலுவலகத்தில், மற்றவர்கள் வகுக்கும் சேவைகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறாள். வடிவமைக்கும் கூட்டங்களுக்கு அவளை அழைப்பதில்லை. மகள் அரசுக் கல்லூரிக்குப் போய்வருகிறாள்.